மண்டபம் கேட்டு வருபவருக்கு என்ன எழுதி அனுப்புவது?

கேள்வி: "அப்பா கட்டிய கல்யாண மண்டபத்தை இரண்டு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். போனிலும் வாட்ஸ்அப்பிலும் 'ரேட் என்ன?' என்று கேட்பார்கள், வாடகையைச் சொல்வேன். கல்யாணம் முடிந்து கணக்கு முடிக்கும்போது கரண்ட், இலை, டெகரேஷன் என்று ஒவ்வொன்றுக்கும் சண்டை வருகிறது. போன மாதம் கல்யாணம் நின்றுபோன ஒரு வீட்டார், கொடுத்த முன்பணம் 50,000 ரூபாயைத் திருப்பிக் கேட்கிறார்கள். அந்தத் தேதியை அதே வாடகைக்கு வேறொருவர் எடுத்துவிட்டார். எங்கள் ரசீதில் 'முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று அச்சடித்திருக்கிறோம். விசாரிப்பவர்களுக்குக் கொட்டேஷனை எப்படி எழுதி அனுப்புவது?" – ஒரு வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: மதியம் மூன்று மணிக்கு ஆபீஸ் அறையில் நடக்கும் சண்டைக்கு, ஆறு மாதத்துக்கு முன் போனில் நாம் சொன்ன முதல் பதிலில்தான் விதை இருக்கிறது. அந்த நேரத்தில் பெண்ணைப் பெற்றவர் இரண்டு ராத்திரி தூங்கியிருக்க மாட்டார். வெளியே வேன் நிற்கும், பெண்ணை அனுப்பி வைக்க வேண்டும், சீர்வரிசைப் பாத்திரங்களை ஏற்ற வேண்டும். அந்த மனிதர் அப்போது ஒரு புதுத் தொகையைக் காதில் கேட்கவே கூடாது. நான் இருபது வருடத்துக்கு மேல் மண்டப மேலாளராக இருக்கிறேன். கொட்டேஷன் எழுதி முடித்ததும் ஒன்றே ஒன்றைத்தான் சரிபார்ப்பேன். இந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி என் கடைசி பில்லைத் தானே போட்டுப் பார்க்க முடியுமா? முடிந்தால் சரி. முடியாவிட்டால் எங்கோ ஒரு தொகைக்கு அளவு எழுதாமல் விட்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

அளவு என்று நான் சொல்வது இதைத்தான். வாடகைக்குக் கடிகாரம், கரண்டுக்கு மீட்டர், சாப்பாட்டுக்குப் பந்தியில் உட்கார்ந்த தலைகள், மேடைக்கு அடிக்கணக்கு, ரத்துக்குக் காலண்டர். தொகையை மட்டும் எழுதி அளவை எழுதாமல் விட்டால், அந்த அளவை ஆளுக்கொரு விதமாக மனதில் எழுதிக்கொள்வார்கள்.

"ரேட் என்ன?" என்று கேட்டவுடனே ஒரு தொகையைச் சொல்லிவிடாதீர்கள். அவர் கையில் ஜோசியர் குறித்துக் கொடுத்த இரண்டு மூன்று தேதிகள் இருக்கும், நான்கு மண்டபங்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார். அதனால் அன்றைக்கே பதில் போய்விட வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒரே மெசேஜில் ஐந்து விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்: எந்தத் தேதி, முகூர்த்தம் எத்தனை மணிக்கு, முதல் நாள் மாலை வரவேற்பு உண்டா, எந்த வேளைக்கு எத்தனை பேர், சமையலும் அலங்காரமும் நம்மிடமா, அவர்களே ஆள் கொண்டு வருகிறார்களா. முகூர்த்த நேரத்தை ஏன் கேட்க வேண்டும் என்றால், விடியற்காலை நாலரை - ஆறு முகூர்த்தமானால் முதல் நாளே எல்லோரும் வந்து தங்குவார்கள். அறைகள், ராத்திரி டிபன், இரவெல்லாம் ஏ.சி. என்று கணக்கே வேறாகிவிடும். ஒன்பது - பத்தரை முகூர்த்தத்துக்குப் பாதிப் பேர் காலையில்தான் வந்து இறங்குவார்கள்.

இனி வாடகை. "ஒரு நாள் வாடகை" என்று மட்டும் எழுதாதீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு நாள் என்றால் முதல் நாள் மதியம் மூன்று மணியிலிருந்து மறுநாள் மதியம் மூன்று மணி வரை. வெளியூர்க்காரர் அதைக் காலை ஆறிலிருந்து ராத்திரி வரை என்று நினைத்துக்கொள்வார். அதோடு, மூன்று மணிக்குத்தான் சாவி என்றால் சமையல்காரர் எப்போது காய்கறி நறுக்குவார்? ராத்திரி ஏழு மணிக்கு டிபன் பந்தி போட வேண்டியவர், பன்னிரண்டு மணிக்கே அடுப்பங்கரைக்குள் வந்தாக வேண்டும். அடுத்தடுத்த நாள் முகூர்த்தம் விழும் ஆவணியிலும் தையிலும் அதே நேரத்தில் முந்தைய கல்யாணத்தின் கடைசிப் பந்தி ஓடிக்கொண்டிருக்கும். அப்படி ஒரு நாளில், இரண்டு வீட்டுச் சமையல் ஆட்களும் ஒரே குழாயடியில் அண்டாவை வைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் சமையலறைக்கு ஒரு நேரம், மேடைக்கு ஒரு நேரம், அறைகளுக்கு ஒரு நேரம் என்று மூன்றையும் தனித்தனியாகவே எழுதுகிறேன். நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு என்பதையும் எழுதிவிடுங்கள். அடுத்த நாள் வேறு கல்யாணம் இருந்தால் நீட்டிப்பே கிடையாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வாடகையைக் குறைவாகக் காட்டுவதற்காக 80,000 என்று சொல்லிவிட்டு, துப்புரவுக்கு 6,000, தண்ணீர் லாரிக்கு 4,000, வாட்ச்மேனுக்கு 2,000, பாத்திரத்துக்கு 8,000 என்று பின்னால் ஏற்றுகிற வழக்கம் பல மண்டபங்களில் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. எந்தக் கல்யாணமானாலும் மாறாத செலவை வாடகைக்குள் போட்டு ஒரு லட்சம் என்றே சொல்லிவிடுங்கள். முதல் பார்வையில் பக்கத்து மண்டபத்தை விட அதிகமாகத் தெரியும். அதனால் பக்கத்திலேயே "துப்புரவு, தண்ணீர், காவல், பாத்திரம், 500 நாற்காலி, ஆறு அறை எல்லாம் சேர்த்து" என்று எழுதுங்கள். படிப்பவர் மற்ற மண்டபத்தில் அதையெல்லாம் தனியாகக் கேட்டுப் பார்த்து, கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

கல்யாணத்துக்குக் கல்யாணம் மாறுகிற இரண்டு செலவுகளை மட்டும் வெளியே வையுங்கள்: கரண்ட், ஜெனரேட்டர். "கரண்ட் ரீடிங் படி" என்று எழுதினால் போதாது, அவருக்கு ரீடிங் எவ்வளவு ஓடும் என்று தெரியாது. உங்கள் மண்டபத்தில் நடந்த கடைசிப் பத்துக் கல்யாணங்களின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். ஏ.சி. ஓடினால் எத்தனை யூனிட், ஓடாவிட்டால் எத்தனை என்று வந்துவிடும். அந்த எண்ணையே தோராயமாக எழுதுங்கள். சாவி கொடுக்கும்போது அவர்கள் வீட்டு ஆள் ஒருவரை மீட்டர் பெட்டிக்கு அழைத்துப் போய், அவர் போனிலேயே ரீடிங்கைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போதும் அப்படியே. ஜெனரேட்டரில் ஓடிய மணியைக் காட்டும் மீட்டர் இருக்கும், அதையும் எடுக்கச் சொல்லுங்கள். படம் அவர் போனில் இருந்தால் கேள்வி வராது.

வரி விஷயத்தில் "ஜி.எஸ்.டி. தனி" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்தவராக இருந்தால் மண்டப வாடகைக்கு 18 சதவீதம். ஒரு லட்சம் என்று நினைத்து வந்தவருக்கு அது 18,000 ரூபாய் வித்தியாசம், சின்னத் தொகை இல்லை. சாப்பாட்டுக்கான வரி, பில்லை யார் எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். எங்கள் மண்டபத்தில் சமையல் கான்ட்ராக்டர் நேரடியாக வீட்டாருக்கு 5 சதவீத வரியோடு தனி பில் கொடுக்கிறார். வாடகையும் சாப்பாடும் ஒரே பில்லாக நீங்கள் போடுவதாக இருந்தால், உங்கள் ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். வரியை ரூபாயாகவே போட்டுக் கூட்டிக் காட்டுங்கள்.

சாப்பாட்டில்தான் பெரிய பணமும் பெரிய சண்டையும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வைகாசிக் கல்யாணம். சமையல் கான்ட்ராக்டர் மதியச் சாப்பாடு 520 இலை என்கிறார், பெண்ணின் தாய்மாமன் 430க்கு மேல் ஒரு இலை கூடப் போகவில்லை என்கிறார். இலைக்கு இவ்வளவு என்று பேசியிருந்தார்களே தவிர, இலையை யார் எண்ணுவது என்று எங்கேயும் எழுதவில்லை. கடைசியில் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாய்மாமன் பின்பக்கக் குழிக்குப் போய் எச்சில் இலையை எண்ண ஆரம்பித்துவிட்டார். பாதியிலேயே மாடு வந்து இழுத்துவிட்டது. யார் சொன்னது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு நல்ல குடும்பத்துப் பெரிய மனிதரை அந்தக் குழிப் பக்கம் போக வைத்தது எங்கள் தாளில் விட்டுப்போன ஒரு வரிதான் என்று அன்றைக்கே புரிந்தது.

இலையை எண்ணினால் கணக்கு தப்பும். கிழிந்த இலையை மாற்றிப் போடுவார்கள், குழந்தைக்கு என்று நடுவில் ஒரு சின்ன இலை போடுவார்கள், ஆள் வராத இடத்திலும் இலை விழுந்து கிடக்கும். அதனால் பந்தியில் உட்கார்ந்த ஆளை எண்ணுங்கள். பந்தி உட்கார்ந்து, சாதம் வந்தவுடன், வீட்டார் பக்கம் ஒருவரும் சமையல் பக்கம் ஒருவரும் வரிசை வரிசையாகச் சேர்ந்து நடந்து எண்ணிக்கையை ஒரு சின்ன நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். முதல் பந்தி 148, இரண்டாவது 150, மூன்றாவது 96 என்று ஏழெட்டு வரியில் ஒரு கல்யாணமே முடிந்துவிடும். நடுவில் எழுந்து போனவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்தால் பந்தி முடிவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டார் பக்கம் எண்ணுகிறவர் பெயரை இரண்டு நாள் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். அந்த நேரத்தில் தேடினால் யாரும் கிடைக்க மாட்டார்கள்.

அப்புறம், குறைந்தபட்ச இலை. 400 என்று பேசினால் 350 பேர் வந்தாலும் 400க்குப் பணம் உண்டு, சமைத்தது சமைத்ததுதானே. ஆனால் அந்த 400ஐ ஆறு மாதத்துக்கு முன்பே பூட்டி வைப்பது நியாயமில்லை. பத்திரிகை வைத்து முடிக்கும்போதுதான் வீட்டாருக்கே எத்தனை பேர் வருவார்கள் என்று பிடிபடும். ஐந்து நாள் முன்பு வரை கூட்டலாம் குறைக்கலாம், அதன்பின் அதுவே குறைந்தபட்சம் என்று எழுதுங்கள். மேலே எத்தனை பேர் வரை அதே ருசியில் தாங்கும் என்பதையும் எழுதுங்கள். எங்கள் கான்ட்ராக்டர் நூற்றுக்குப் பத்துப் பேர் கூடுதலாகத் தாங்குவார். அதற்கு மேல் போனால் கடைசிப் பந்தியில் அப்பளமும் பாயசமும் இருக்காது. நாதஸ்வரக்காரர்கள், போட்டோ எடுப்பவர்கள், டிரைவர்கள் சாப்பிடுவதும் கணக்கில் சேருமா என்று ஒரு வரி போடுங்கள். வீட்டார் இவர்களை மறந்துவிடுவார்கள், அது இருபது முப்பது இலை வரும்.

மெனுவைப் பேர் சொல்லியே எழுத வேண்டும். "இரண்டு ஸ்வீட்" என்றால் ஒருவருக்கு அது ஜாங்கிரியும் பாதுஷாவும், இன்னொருவருக்குப் பாயசமும் கேசரியும். காபி எத்தனை முறை, தண்ணீர் பாட்டிலா டம்ளரா என்பதும் அதில் வரட்டும். உங்கள் மண்டபத்தில் அசைவம் சமைக்கக் கூடாது என்றால் அதைக் கொட்டேஷனின் மேலேயே எழுதிவிடுங்கள். மறுநாள் மாப்பிள்ளை விருந்தை அங்கேயே பிரியாணியோடு வைக்க நினைத்து வந்தவருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்தால் நல்லது.

அலங்காரத்துக்கு வருவோம். பெண் போனில் ஒரு படத்தைக் காட்டி "இதே மாதிரி" என்பாள். படத்தில் இருப்பது நாற்பதடி மேடை, நம்முடையது இருபத்து நாலடி. அதில் இருக்கும் பூவில் பாதி துணிப்பூ என்பதும் படத்தைப் பார்த்தால் தெரியாது. எனவே மேடையின் அகலம், பின்திரையின் உயரம், எந்தப் பகுதி நிஜப்பூ, எந்தப் பகுதி துணியும் செயற்கைப்பூவும் என்று பிரித்து எழுதி, உங்கள் மண்டபத்திலேயே முன்பு போட்ட அலங்காரத்தின் படத்தை எண்ணிட்டு அனுப்புங்கள். முகூர்த்த நாளில் மல்லிகை விலை எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் நிஜப்பூவுக்கு விலை ஏறினால் அது யார் தலையில் என்பதை எழுத வேண்டும். டெகரேட்டர் தலையில் என்பதுதான் என் வழக்கம். விலையைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் சொன்ன விலையில் நிற்பது நல்லது. வாசலில் இரண்டு வாழைமரம், மாவிலைத் தோரணம், பெயர்ப்பலகை எல்லாம் சேர்ந்ததா என்றும், மாலை, ஜடை, கார் அலங்காரம், ஆரத்தித் தட்டு சேராது என்றும் சொல்லிவிடுங்கள்.

வெளி டெகரேட்டரைக் கொண்டு வந்தால் பத்தாயிரம் கட்டு என்று கேட்கும் மண்டபங்கள் இருக்கின்றன. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, இத்தனை மணிக்குள் பிரித்து எடுக்க வேண்டும், குப்பையை அள்ள வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள், தவறினால் டெபாசிட்டில் பிடியுங்கள். உள்ளே வருவதற்கே ஒரு கட்டணம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வாங்குவதுதான் என்று நீங்கள் தீர்மானித்தால், முன்பணம் வாங்குவதற்கு முன்பே அதை எழுத்தில் காட்டிவிடுங்கள்.

ரத்து நிபந்தனைகளை எழுதும்போது பலரும் மூன்று செலவுக்கும் ஒரே விதியைப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் நஷ்டம் மூன்றுக்கும் வேறு வேறு நாளில் தொடங்குகிறது. மண்டபத்துக்கு நஷ்டம், அந்தத் தேதியை வேறு யாரும் கேட்க முடியாத அளவுக்கு நாள் நெருங்கும்போது. சமையலுக்கு, மளிகை வாங்கிய அன்று கொஞ்சம், காய்கறி வந்து இறங்கிய அன்று மிச்சம். அலங்காரத்துக்கு, பூவுக்குச் சொல்லி வைத்த அன்று. ஆறு மாதத்துக்கு முன்பு கல்யாணம் நின்றால் சமையல்காரருக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை, அவர் எதைப் பிடித்துக்கொள்வது? எனவே மூன்றுக்கும் தனித்தனிக் காலண்டர் வேண்டும். "90 நாளுக்கு முன்" என்று எழுதினால் எண்ணுவதிலேயே தகராறு வரும், தேதியாகவே எழுதிவிடுங்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எங்களிடம் சித்திரை, வைகாசி முழுக்கத் தேதிகள் போயிருந்தன. அரசு உத்தரவால் கல்யாணம் நடத்த முடியாமல் போனால் என்ன செய்வது என்று எங்கள் தாளில் ஒரு எழுத்தும் இல்லை. ஒவ்வொரு வீட்டோடும் தனித்தனியாகப் பேசித் தீர்க்க மாதக்கணக்கில் ஆனது. அதற்கப்புறம் மூன்று நிலைகளைக் கட்டாயம் எழுதுகிறேன். வெள்ளமோ அரசு உத்தரவோ தடுத்தால், பிடித்தம் இல்லாமல் வேறு தேதி அல்லது முழுப்பணம். இரு வீட்டில் எந்த வீட்டிலாவது நெருங்கிய ஒருவர் இறந்து தீட்டு வந்தால், ஒரு முறை கட்டணமின்றித் தேதி மாற்றம். மண்டபத்தின் தவறால் கொடுக்க முடியாமல் போனால், ஏழு நாளில் முழுப்பணம், அதோடு வேறு மண்டபம் பார்த்துக் கொடுத்து வாடகை வித்தியாசத்தையும் நாங்களே தருவது. இந்த மூன்றாவதை எழுத நிறைய உரிமையாளர்கள் தயங்குகிறார்கள். வாங்குகிறவரை மட்டும் கட்டுப்படுத்தும் தாளை யாரும் நம்பிக் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

எல்லாம் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு மாதிரி தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை, செப்டம்பர் 6, காலை முகூர்த்தம், சனிக்கிழமை மாலை வரவேற்பு, சமையலும் அலங்காரமும் நம்மிடம் என்று கேட்ட ஒருவருக்கு எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"ஐயா, வணக்கம். நீங்கள் கேட்ட செப்டம்பர் 6, ஞாயிறு முகூர்த்தத்துக்கு மண்டபம் காலியாக இருக்கிறது. எங்கள் மண்டபத்தில் சைவச் சமையல் மட்டும். இந்த விலை இன்றிலிருந்து ஏழு நாள் செல்லும். தேதியை இரண்டு நாள் உங்களுக்காக நிறுத்தி வைக்கிறோம், முன்பணம் வந்த பிறகே உறுதி.

வாடகை 1,00,000, ஜி.எஸ்.டி. 18,000, ஆக 1,18,000 ரூபாய். சமையலறை சனி பகல் 12 மணி முதல், மேடையும் அறைகளும் சனி 3 மணி முதல், எல்லாம் ஞாயிறு 3 மணி வரை. ஏ.சி. கூடம், ஆறு அறை, 500 நாற்காலி, பாத்திரம், தண்ணீர், துப்புரவு, காவல் இதில் சேர்ந்தவை. கூடுதல் நேரம் மணிக்கு 3,000, மறுநாள் வேறு கல்யாணம் இல்லாவிட்டால் மட்டும்.

கரண்ட் யூனிட்டுக்கு 15 ரூபாய், வரி சேர்த்து. இதுபோன்ற கல்யாணத்துக்கு 600 யூனிட் வரை ஓடியிருக்கிறது, சுமார் 9,000. ஜெனரேட்டர் ஓடும் மணிக்கு 2,500, இரண்டு மணி நேரம் என்று வைத்தால் 5,000.

சாப்பாடு: சனி இரவு டிபன் 350 பேர், தலைக்கு 220, ஆக 77,000. ஞாயிறு காலை டிபன் 250 பேர், 140 வீதம் 35,000. மதியச் சாப்பாடு 400 பேர், 280 வீதம் 1,12,000. மொத்தம் 2,24,000, வரி 11,200, ஆக 2,35,200. மெனு தனித்தாளில் இருக்கிறது. எண்ணிக்கையை செப்டம்பர் 1 வரை மாற்றலாம், அன்று சொல்வதே குறைந்தபட்சம். பந்தியில் உட்கார்ந்தவர்களை இருதரப்பும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடுவோம். பில் சமையல் கான்ட்ராக்டர் தருவார்.

அலங்காரம்: படம் எண் 4, மேடை 24 அடி, முன்பகுதி நிஜப்பூ, பின்திரை துணி, வாசல் வாழைமரமும் தோரணமும் சேர்த்து 45,000. பூ விலை ஏறினாலும் இதே தொகை. மாலை, ஜடை, கார் அலங்காரம் சேராது.

எல்லாம் சேர்த்துச் சுமார் 4,12,200 ரூபாய் ஆகும். கரண்டும் ஜெனரேட்டரும் மீட்டர்படி, சாப்பாடு எண்ணிக்கைப்படி மாறும், மற்றவை மாறாது. இதைத் தவிர 20,000 டெபாசிட், உடைந்தது கெட்டதற்கு மட்டும் பிடித்துக்கொண்டு ஞாயிறு மாலையே திருப்பித் தருவோம்.

முன்பணம் 50,000, வாடகையில் கழியும். வாடகை பாக்கி ஆகஸ்ட் 7க்குள். ரத்து செய்தால்: ஜூன் 8 வரை 5,000 மட்டும் பிடித்தம். ஜூன் 9 முதல் ஆகஸ்ட் 7 வரை 25,000. அதன்பின் 50,000, அதற்கு மேல் கட்டிய வாடகை முழுதும் திரும்ப வரும். எப்போது ரத்து செய்தாலும், அந்தத் தேதி வேறொருவருக்குப் போனால் 5,000மும் வாடகையில் எங்களுக்குக் குறைந்த தொகையும் மட்டுமே பிடித்தம், அதுவும் மேலே சொன்ன பிடித்தத்தைத் தாண்டாது. சாப்பாட்டுக்கு செப்டம்பர் 1 வரை பிடித்தம் இல்லை, அதன்பின் வாங்கிய பொருளுக்கு, பில் காட்டி. அலங்காரத்துக்கு செப்டம்பர் 3 வரை இல்லை, அதன்பின் பூவுக்குக் கொடுத்த பணம் மட்டும். துக்கம், அரசுத் தடை, எங்கள் தவறு ஆகியவற்றுக்கான விதிகள் கீழே. பணம் ஏழு நாளில் வங்கிக் கணக்குக்கு வரும்."

இவ்வளவு நீளமாக வாட்ஸ்அப்பில் யார் படிப்பார்கள் என்று தோன்றலாம். மெசேஜில் மொத்தத் தொகை, நேரம், முன்பணம் என்று மூன்று வரி மட்டும் போட்டு, முழுதையும் லெட்டர்பேடில் ஒரே பக்கத்தில் கோப்பாக இணைத்துவிடுங்கள். மகன் அதைத் திறந்து அப்பாவுக்குப் படித்துக் காட்டுவான். முன்பணம் வாங்கும் நாளில் அதே தாளின் இரண்டு பிரதிகளில் இருவரும் கையெழுத்திட வேண்டும். போனில் பேசி ஏதாவது மாற்றினால், "நேற்று பேசியபடி மதியம் 400க்குப் பதில் 450" என்று அன்றைக்கே ஒரு மெசேஜ் போட்டு, அவரிடமிருந்து "சரி" வாங்கி வையுங்கள்.

கடைசியாக, உங்களிடம் நிற்கும் அந்த 50,000. ரசீதில் அச்சடித்திருக்கிறோம் என்பதை நம்பி இருக்காதீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 74இன்படி, ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும் கிடைக்கக்கூடியது அந்தத் தொகைக்கு உட்பட்ட நியாயமான இழப்பீடுதான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், இழப்புக்குப் பொருந்தாத அபராதம் விதிப்பதை நியாயமற்ற ஒப்பந்தம் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அதே வாடகைக்கு வேறொருவர் எடுத்துவிட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் நஷ்டம் என்ன? ரசீது, அலைச்சல், அந்தத் தேதிக்கு மறுபடி ஆள் பிடித்த செலவு, அவ்வளவுதான். இரண்டாயிரமோ மூன்றாயிரமோ வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த வீட்டில் ஒரு கல்யாணம் நின்றுபோயிருக்கிறது, ஒவ்வொரு முறை பணம் கேட்டு உங்களிடம் வரும்போதும் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

அவர்களுக்கு இப்படி எழுதலாம்: "அம்மா, உங்கள் தேதி வேறொருவருக்குப் போய்விட்டதால் எங்களுக்கு வாடகை இழப்பு இல்லை. அலுவலகச் செலவு 2,000 போக 48,000 ரூபாயை இந்த வாரத்துக்குள் உங்கள் கணக்கில் போடுகிறோம். வங்கி விவரத்தையும் பழைய ரசீதின் படத்தையும் அனுப்புங்கள், நேரில் வர வேண்டாம்." பணம் போனதும், கணக்கு முடிந்தது என்று அவர்களிடமிருந்து ஒரு வரி எழுத்தில் வாங்கி அந்த ரசீதோடு சேர்த்து வையுங்கள். முன்பணத்துக்கு ஜி.எஸ்.டி. கட்டியிருந்தால், திருப்பிக் கொடுத்த விவரத்தை இந்த மாதமே ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். மிச்சமிருக்கும் பழைய ரசீது புத்தகங்களில் அந்த வாசகத்தை அடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள், புதிதாக அச்சடிக்கும்போது "ரத்து விதிகள் கொட்டேஷன் தாளில் உள்ளபடி" என்று மாற்றிக்கொள்ளலாம்.